ரத்தச்சோகை உள்ள பிள்ளைகளுக்கு: எதைச் சாப்பிடலாம், சாயாவை எப்போது குடிக்கலாம்?

(தக்கலை வட்டாரப் பள்ளி மாணவிகளுக்கும் அவர்களுடைய அம்மாமாருக்கும்)

மக்ளே, பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்த பிள்ளைகளுக்குத்தான் இந்தத் தாளைக் கொடுக்கிறோம். 8-க்கும் கீழே இருந்தால் காத்திருக்காதே, உடனே அம்மாவோடு மருத்துவரைப் போய்ப் பார்.

13 முதல் 15 வயதுப் பெண்பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். மீனும் இறைச்சியும் சாப்பிடாதவர்களுக்கு அது கீரை, பயறு, தானியத்திலிருந்துதான் கிடைக்கும். அந்த இரும்பை உடம்பு சிறிதளவுதான் எடுத்துக்கொள்ளும். அதையும் கெடுப்பது சாயா.

சாயா

புட்டும் கடலைக்கறியும் சாப்பிட்ட கையோடு ஒரு கிளாஸ் சாயா குடிப்பது நம் வீடுகளில் பழக்கம். சாயாவில் உள்ள டானின், கடலையில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும். உடம்பில் சேரவேண்டியது மலத்தோடு போய்விடும். கட்டன் சாயா, பால் சாயா, காப்பி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடு. பள்ளி விட்டு வந்து நாலரை மணிக்குக் குடித்தால் போதும். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அதன் வேகம் அடங்கிவிடும். அம்மாமாரே, காலையில் பிள்ளைக்குச் சாயா போடாமல் இருப்பதே பெரிய உதவி.

புளிப்பும் பழமும்

வைட்டமின் சி இருந்தால் அதே கடலையிலிருந்து உடம்பு கூடுதல் இரும்பை எடுத்துக்கொள்ளும். ஆனால் அது சூட்டில் அழியும். அதனால் முருங்கைக்கீரைத் துவரனை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, தட்டில் போட்டுத்தான் எலுமிச்சை பிழிய வேண்டும். கஞ்சியும் பயறும் சாப்பிடும் நாளில் பச்சை நெல்லிக்காய் ஒன்றைக் கடித்துக்கொள். கொய்யாவும் நல்லது. சீசனில் கொல்லாம்பழம் கிடைத்தால் விடாதே, அதில் ஆரஞ்சைவிட அதிக வைட்டமின் சி உண்டு. எந்தப் பழமானாலும் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டால்தான் இந்தப் பலன் முழுதாகக் கிடைக்கும்.

தட்டில் என்ன இருக்கட்டும்

சிறுபயறு, கொண்டைக்கடலை, காணம், எள்ளுருண்டை, கீரை. பயறை ஊறவைத்து முளைகட்டினால் இரும்பு எளிதாகச் சேரும். இரும்புச் சட்டியில் சமைப்பதும் உதவும். மரச்சீனிக் கிழங்கு வயிற்றை நிரப்பும், இரும்பு அதில் குறைவு. கிழங்கு மட்டும் தின்று பள்ளிக்கு வராதே. பீட்ரூட்டின் சிவப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதிலும் இரும்பு கொஞ்சம்தான்.

மாத்திரை

ரத்தச்சோகை வந்துவிட்டால் சாப்பாடு மட்டும் போதாது. மருத்துவர் சொன்ன அளவில் இரும்புச்சத்து மாத்திரையைப் போடு. சாயாவோடும் பாலோடும் வேண்டாம், எலுமிச்சைத் தண்ணீரோடு போடலாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. குமட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போட்டுப் பார், நீயாக நிறுத்தாதே. பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையையும் தவறவிடாதே.

மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீண்டாலும், ஒரு மணி நேரத்தில் நாப்கின் நனைந்தாலும் வெட்கப்படாமல் நர்ஸ் அக்காவிடம் சொல்.