மதிப்பீட்டாளர்களுக்கு எங்கள் பதில்: பென்னாகரம் ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் கட்டுரையைப் பொறுமையாகப் படித்து எழுதிய இரு மதிப்பீட்டாளர்களுக்கும் நன்றி. ஒரு குறிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏற்றுத் திருத்தியிருக்கிறோம். அந்த ஒன்றை ஏன் ஏற்க முடியவில்லை என்பதைக் கீழே சற்று விரிவாக எழுதியுள்ளோம்.

முதல் மதிப்பீட்டாளருக்கு

மாதிரி எடுத்த இடங்களின் வரைபடம் வேண்டும் என்றீர்கள், சேர்த்துவிட்டோம். கார அமிலத் தன்மைக்கும் ஃபுளோரைடுக்கும் உள்ள தொடர்பைத் தனியே காட்டச் சொன்னது நல்ல யோசனை. இப்போது அது மூன்றாவது படமாக இருக்கிறது. நீளமாக இருந்த முன்னுரையையும் பாதியாகக் குறைத்துவிட்டோம்.

இரண்டாம் மதிப்பீட்டாளருக்கு

குறிப்பு 1: "சராசரியை வைத்துப் பேசுவது பொருந்தாது."

உண்மைதான். சராசரியை எடுத்துவிட்டு இடைநிலை அளவையும் கால்மான அளவுகளையும் தந்திருக்கிறோம். தொடர்பெண்ணையும் ஸ்பியர்மன் முறைக்கு மாற்றிவிட்டோம். இந்தக் குறிப்பால் கட்டுரை நிச்சயமாக மேம்பட்டிருக்கிறது.

குறிப்பு 2: "17, 31 ஆகிய கிணறுகளின் அளவுகள் மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகியுள்ளன. கால்மான இடைவெளியின் ஒன்றரை மடங்கு என்ற விதிப்படி இவற்றை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிடவும்."

இரண்டே கிணறுகள் முடிவை இழுத்துச் செல்லுமோ என்ற உங்கள் கவலை நியாயமானது. ஆனாலும் அவற்றை நீக்குவது சரியல்ல என்பதே எங்கள் உறுதியான கருத்து.

முதலில் அந்த விதியைப் பார்ப்போம். 48 கிணறுகளில் கீழ்க்கால்மானம் லிட்டருக்கு 0.9 மில்லிகிராம், மேல்கால்மானம் 2.0. விதிப்படி மேல் எல்லை 3.65. கிணறு 17இல் 4.6, கிணறு 31இல் 5.1 என்பதால் இரண்டும் வெளியே விழுகின்றன. நிலத்தடி நீரின் ஃபுளோரைடு அளவுகள் பெரும்பாலும் வலப்பக்கம் நீண்ட வால் கொண்டவை; எங்கள் தரவும் அப்படித்தான். அப்படிப்பட்ட தரவில் இந்த விதி நல்ல அளவுகளையும் வெளியே தள்ளிவிடும். அதே விதியை மடக்கை அளவில் போட்டால் மேல் எல்லை சுமார் 6.6 ஆகிறது, இரண்டு கிணறுகளும் உள்ளேயே இருக்கின்றன.

அடுத்து, அளவீடு. இரண்டிலும் கோடையிலும் மழைக்குப் பிறகும் மாதிரி எடுத்தோம். அயனி மின்முனையில் ஒவ்வொரு மாதிரியையும் இருமுறை அளந்தோம். இரு பருவத்திலும் இவைதான் முதல் இரண்டு இடத்தில் நின்றன. குப்பி மாறியதாலோ கருவிக் கோளாறாலோ வந்த எண் இப்படித் திரும்ப வராது.

மிக முக்கியமான காரணம் வேதியியலில் இருக்கிறது. கிணறு 31இல் கால்சியம் லிட்டருக்கு 11 மில்லிகிராம்தான், கிணறு 17இல் 14. சோடியமும் பைகார்பனேட்டும் இரண்டிலும் அதிகம். கடினப் பாறைப் பகுதியில் ஃபுளோரைடு ஏறும் வழியே இதுதான்: கால்சியம் குறைந்தால், கால்சியமும் ஃபுளோரைடும் சேர்ந்த ஃபுளோரைட் என்ற கனிமம் படிவதற்கு வழியில்லை, பாறையிலிருந்து கரைந்தது நீரிலேயே தங்கிவிடும். இரண்டிலும் ஃபுளோரைட்டின் நிறைவுக் குறியீடு ஏறத்தாழ -0.4, அதாவது நிறைவை இன்னும் தொடவில்லை. ஆக 5.1 என்பது இந்த நீரில் வரக்கூடிய எண்தான். கட்டுரை விளக்க முயலும் நிகழ்வே இந்த இரண்டு கிணறுகளில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிணறு 31 ஒரு தெருமுனைக் கைப்பம்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் தொடங்கிய பிறகும், சோறு பொங்க இந்தத் தண்ணீர்தான் ருசி என்று குடத்தோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வேறு குடிநீர் ஆதாரம் இல்லாத இடத்திலும் இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்ச அளவு 1.5. அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருக்கும் ஒரு கைப்பம்பை, வரைபடம் நேர்த்தியாக வரவேண்டும் என்பதற்காக எடுத்துவிட எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

உங்கள் கவலைக்கு விடையாக, இரண்டையும் விட்டுவிட்டுச் செய்த கணக்கைப் பின்னிணைப்பில் சேர்த்திருக்கிறோம். 1.5ஐத் தாண்டிய கிணறுகளின் பங்கு 43.8 விழுக்காட்டிலிருந்து 41.3 ஆகக் குறைகிறது. கால்சியத்துடனான தொடர்பெண் -0.58லிருந்து -0.54 ஆகிறது. முடிவு மாறவில்லை. முதன்மை அட்டவணையில் 48 கிணறுகளும் இருக்கும். இந்த இரண்டு அளவுகளும் பிழையானவை என்று காட்டும் சான்று ஏதேனும் உங்கள் கண்ணில் பட்டிருந்தால் சொல்லுங்கள், அதைப் பார்த்து முடிவு செய்கிறோம். மற்றவற்றிலிருந்து விலகி நிற்பது மட்டும் நீக்கப் போதுமான காரணம் அல்ல.

குறிப்பு 3: அலகுகளை ஒரே மாதிரி எழுதச் சொன்னீர்கள். கட்டுரை முழுக்கச் செய்துவிட்டோம்.

திருத்திய பிரதியில் மாற்றங்கள் மஞ்சளில் குறிக்கப்பட்டுள்ளன. மேலும் விளக்கம் வேண்டுமென்றால் அளவீட்டுக் குறிப்பேட்டின் நகலையும் அனுப்பத் தயார்.

அன்புடன்,
கட்டுரையாசிரியர்கள்