பெண் பார்த்துச் சென்ற குடும்பத்தாருக்குப் பெண்ணின் தந்தை எழுதிய கடிதம்

ஈசூன், சிங்கப்பூர்

மதிப்பிற்குரிய சண்முகம் ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை, கொட்டும் மழையையும் பாராமல் ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து குடும்பத்தோடு எங்கள் வீடு தேடி வந்தமைக்கு நன்றி. புறப்படும்போது உங்கள் தாயார் கயல்விழியை அருகில் அழைத்துத் தம் கையாலேயே மல்லிகைச் சரம் வைத்துவிட்டதை என் மனைவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவு அன்பு காட்டியவர்களைக் காக்க வைப்பது முறையன்று என்பதால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். மகளிடம் நிதானமாகப் பேசிய பிறகு, இந்தச் சம்பந்தத்தைத் தொடர வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

பத்தில் எட்டுப் பொருத்தம் அமைந்திருக்கையில் ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஆண்டு பெர்த்தில் வேலையை ஏற்று அங்கேயே குடியேற எண்ணியிருப்பதைத் தம்பி கார்த்திக், கயல்விழியோடு பேசியபோது ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார். அந்த நேர்மைக்காகவே அவர்மீது எங்களுக்கு மதிப்பு கூடியது. ஆனால், தாதியாகப் பணிபுரிந்துகொண்டே மேற்படிப்பும் படித்துவரும் எங்கள் மகள், பக்கவாதத்தால் படுத்திருக்கும் தன் அப்பத்தாவையும் இந்த ஊரையும் விட்டுப் போவதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறாள். யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தால் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் நாம் நினைக்கலாம். நானும் அப்படித்தான் கேட்டுப் பார்த்தேன். தனக்காக ஒருவர் நல்ல வாய்ப்பை இழந்தார் என்ற எண்ணத்தோடு வாழ முடியாது என்று அவள் சொன்ன பிறகு எனக்குப் பதிலில்லை. ஆகவே, எங்களுக்காகத் தம்பி தம் பயணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நம்மை அறிமுகம் செய்துவைத்த ராமநாதன் அண்ணனிடம் நேற்றே நேரில் சொல்லிவிட்டேன். இரு வீட்டுக்கும் நல்லது நினைத்தே அவர் முன்வந்தார். அவர்மீது யாரும் வருத்தம் கொள்ளக் கூடாது. உறவினர்கள் கேட்டால், இரு வீட்டாரும் கலந்து பேசியதில் தோதுப்படவில்லை என்று மட்டுமே நாங்கள் சொல்வோம். நீங்களும் அவ்வாறே சொன்னால் பிள்ளைகள் இருவருக்கும் நல்லது.

தம்பியின் ஜாதகத்தையும் புகைப்படத்தையும் இத்துடன் என் மகன் மூலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கைப்பேசியில் வந்த படங்களை அழித்துவிட்டோம். அம்மா முறுக்கு கொண்டுவந்த எவர்சில்வர் டப்பாவை வெறுமனே திருப்பித் தரக் கூடாதென்று என் மனைவி அதில் அதிரசம் வைத்திருக்கிறார். மறுக்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எங்கள் முடிவு உங்கள் மனத்தை வருத்தியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். தம்பிக்கு மனத்துக்கிசைந்த இடத்தில் விரைவிலேயே திருமணம் கைகூட முருகனை வேண்டுகிறோம். தைப்பூசத்தன்று டேங்க் ரோடு கோயிலில் சந்திக்க நேர்ந்தால், அவசியம் நின்று பேசிவிட்டுப் போக வேண்டும். உங்கள் தாயாருக்கு எங்கள் வணக்கத்தைத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
அன்புடன்,
முத்தையா