நன்றி மிஸ், நான் பாஸ்

நுவரெலியா

அன்புள்ள மிஸ்ஸுக்கு,

வணக்கம். நேற்று உணவுச் சுகாதாரப் பரீட்சை ரிசல்ட் வந்தது. நான் பாஸ். முதலில் அம்மாவுக்குத்தான் கோல் எடுத்தேன். கொழுந்து நிறுக்கிற நேரம், பின்னால் ஒரே சத்தம். ஆனாலும் அவங்க அழுதது கேட்டது. அடுத்து உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தேர்மோமீட்டர் நாளை மறக்கவே மாட்டேன். கொதிக்கிற தண்ணியில் விட்டேன், 94-க்கு மேலே ஏறவே இல்லை. கருவி பழுது என்று நினைத்து 100-க்குத் திருத்தப் போனேன். நீங்கள் என் கையைப் பிடித்து நிறுத்தி, ஐஸை நொறுக்கி, கொஞ்சம் தண்ணி ஊற்றி, அதில் விடச் சொன்னீர்கள். சரியாக 0 காட்டியது. "கருவியில பிழை இல்ல தம்பி, நம்ம ஊர் உயரம். இங்க தண்ணி 94-க்குக் கிட்டயே கொதிச்சிரும்" என்றீர்கள். அன்று நான் திருத்தியிருந்தால் கோழி உள்ளே 75-க்கு வராமலே வந்ததாகக் காட்டியிருக்கும். இப்போது காலையில் அடுப்பு பற்ற வைக்கும் முன்பே ஐஸில் விட்டுப் பார்க்கிறேன்.

சோறு பற்றிச் சொன்னது என் வீட்டுக் கதை மிஸ். அன்று வகுப்பில் வாய் திறக்கவில்லை. போன வருஷம் எங்கள் லயத்தில் ஒரு விசேஷம். ராத்திரி வடித்த சோற்றை அண்டாவிலேயே மூடி வைத்து, காலையில் நன்றாகச் சூடாக்கித்தான் பரிமாறினோம். மத்தியானத்துக்குள் என் தங்கச்சி உட்பட நிறையப் பேருக்கு வாந்தி. தண்ணியில்தான் குற்றம் என்று பேசிக்கொண்டோம். "இந்தக் குளிர்ல சோறு கெடுமா" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். வேகும்போது சாகாத கிருமி அண்டாவின் நடுச் சூட்டில் பெருகும், அது விட்ட நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது என்று நீங்கள் விளக்கியபோதுதான் எனக்கு விளங்கியது. வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் 5-க்கும் 60-க்கும் நடுவில் இருந்தால் ஆபத்துதான். இப்போது ஹோட்டலில் மிஞ்சிய சோற்றைத் தட்டையான தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, இரண்டு மணித்தியாலத்துக்குள் 21-க்கு இறக்கி, உடனே ஃபிரிஜ்ஜில் வைக்கிறேன். செஃப் முதலில் முறைத்தார், இப்போது அவரே தட்டு எடுத்துத் தருகிறார்.

கை கழுவுவதும் அப்படித்தான். விடிகாலைக் குழாய்த் தண்ணியில் விரல் மரத்துப்போகும். எல்லாரும் நனைத்துவிட்டு எடுத்துவிடுவோம். நீங்கள் எங்களோடு நின்று அதே தண்ணியில் சவர்க்காரம் போட்டு 20 செக்கன் கழுவிக் காட்டினீர்கள். அதற்குப் பிறகு எனக்குச் சாக்குச் சொல்ல மனம் வரவில்லை.

பாடத்தை எல்லாம் தமிழில் சொல்லிவிட்டு, அந்த இங்கிலிஷ் சொல்லையும் பலகையில் எழுதிப் போட்டதற்கு தனியாக ஒரு நன்றி. பரீட்சையில் அந்தச் சொற்கள்தான் வந்தன.

அடுத்த வகுப்புக்குத் தங்கச்சி பெயர் கொடுத்திருக்கிறாள். கொஞ்சம் கூச்சப்படுவாள், முன் வரிசையில் உட்கார வையுங்கள் மிஸ்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் மாணவன்
சுரேஷ்