விடுப்பு நாள்களில் என்னைத் தொடர்புகொள்வது குறித்து

நாள்: நவம்பர் 5, திருப்பூர்
பெறுநர்: நிர்வாகப் பங்குதாரர் அவர்கள்
நகல்: கணக்குப் பிரிவு, டெஸ்பாட்ச் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நவம்பர் 12 முதல் 18 வரை ஏழு நாள் விடுப்புக்கு ஒப்புதல் தந்ததற்கு நன்றி. நேற்று மாலை நீங்கள், "போனில் கிடைப்பாயல்லவா அம்மா?" என்று கேட்டபோது, கிளம்பும் அவசரத்தில் "கிடைப்பேன் ஐயா" என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோது அது சரியான பதில் இல்லை என்று பட்டது. எந்த நாளில் கிடைப்பேன், எந்த நாளில் கிடைக்கவே மாட்டேன் என்பதைத் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டால் உங்களுக்கும் குழப்பம் இருக்காது, எனக்கும் மனம் நிம்மதியாக இருக்கும்.

நவம்பர் 13, 14, 15 ஆகிய மூன்று நாள்களும் என் கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டிருக்கும். வாட்ஸ்ஆப், மின்னஞ்சல் எதையும் பார்க்க மாட்டேன். அந்த நாள்களுக்கு வேறு எண்ணும் தரவில்லை. என் அப்பாவுக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம். 14 ஆம் தேதி காலை அபிஷேகமும் மாங்கல்ய தாரணமும். அப்பாவுக்கு வலது காது முற்றிலும் கேட்காது. இடது காதில் வாயை வைத்துச் சொன்னால்தான் புரியும். ஐயர் சொல்லும் ஒவ்வொரு வரியையும் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த வேலையைச் செய்துகொண்டே மடியில் போனை வைத்திருக்க என்னால் முடியாது.

போன வருடம் தம்பி திருமணத்தின்போது "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். மண்டபத்து வாசலில் நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டு லாரி எண்ணை நினைவிலிருந்து சொன்னேன். ஒரு இலக்கம் தவறிவிட்டது. இ-வே பில்லில் தவறான எண் ஏறி, வண்டியை வழியில் நிறுத்தி, ரூ.1,000 அபராதம் கட்டினோம். தம்பி தாலி கட்டும் நேரத்தில் நான் மண்டபத்துக்குள் இல்லை. பாதிக் கவனத்தில் சொன்ன பதிலால் நிறுவனத்துக்கும் நஷ்டம், எனக்கும் ஆறாத வருத்தம். அதனால்தான் இந்த முறை முன்கூட்டியே எழுதுகிறேன்.

12 ஆம் தேதி காலை ஜன் சதாப்தியில் கிளம்புகிறேன். ரயிலில் சிக்னல் விட்டுவிட்டு வரும். செய்தி அனுப்பினால் மாலைக்குள் பதில் வரும், அழைப்பை நம்ப வேண்டாம். 16, 17, 18 ஆகிய நாள்களில் மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் ஊர் வீட்டில் இருப்பேன். தினமும் மாலை 5 மணி முதல் 6 மணி வரை அழைக்கலாம். மற்ற நேரத்தில் கூப்பிடுவதென்றால் இரண்டே காரணங்களுக்காக மட்டும் கூப்பிடுங்கள்: சரக்கு வண்டி வழியில் நிறுத்தப்பட்டால், அல்லது 19 ஆம் தேதிக்கு முன் பதில் கேட்டு வரித்துறையிலிருந்து நோட்டீஸ் வந்தால். அப்போது எந்த நேரமானாலும் எடுப்பேன். பழைய பில் எங்கே, பார்ட்டி பாக்கி எவ்வளவு என்பன போன்ற கேள்விகளுக்கு விடை கணக்குப் பிரிவு அலமாரியின் மேல் தட்டில், பச்சைக் கோப்பில் இருக்கிறது. முதல் பக்கத்தில் எது எங்கே என்று கையால் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நான் இல்லாத நாள்களில் எது தடுமாறும் என்று நினைத்துப் பார்த்ததில் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது ஓடிபி. ஜிஎஸ்டி தளத்தில் பதிவான கைப்பேசி எண் இதுவரை என்னுடையதாக இருந்தது. என் போன் அணைந்திருந்தால் ரிட்டர்னே போட முடியாத நிலை. கையெழுத்து அதிகாரம் உங்களுடையது என்பதால் எண்ணும் உங்களுடையதாக இருப்பதுதான் முறை. நேற்று உங்கள் போனில் வந்த எண்ணைக் கேட்டு வாங்கினேன் அல்லவா, அது இந்த மாற்றத்துக்குத்தான். இனி ஓடிபி உங்களுக்கே வரும். இதை முன்பே செய்திருக்க வேண்டும்.

அக்டோபர் மாத ஜிஎஸ்டிஆர் 1ஐ 11 ஆம் தேதிக்குள் நானே போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். பிஎஃப், இஎஸ்ஐ இரண்டுக்கும் 15 வரை கெடு இருந்தாலும் அவற்றையும் 11 அன்றே கட்டிவிடுகிறேன். மிச்சம் இருப்பது 3பி. அதை முன்கூட்டி முடிக்க வழியில்லை. 2பி 14 ஆம் தேதிதான் வரும். உதவிக் கணக்காளர் தம்பி 15 ஆம் தேதி அதை இறக்கி, நூல் மில், சாயப்பட்டறை பில்களோடு ஒப்பிட்டு வைப்பார். 2பியில் வராத பில்லுக்கு இந்த மாதம் வரவு எடுக்கக் கூடாது என்பதை அவரிடம் சொல்லியிருக்கிறேன். எந்தெந்த பில் வரவில்லை என்ற பட்டியல் மட்டும் 16 ஆம் தேதி மாலை எனக்கு வந்தால் போதும். அன்றே பார்த்துச் சொல்கிறேன். கெடு 20. நான் 19 காலை வேலைக்கு வந்துவிடுவேன். ஏதோ காரணத்தால் ஒரு நாள் தள்ளிப்போனாலும் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து போட்டுவிடலாம், அவர்களிடம் பேசிவிட்டேன். வரிப் பணம் மட்டும் 18 ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தாமதமானால் நாளுக்கு ரூ.50 கட்டணம் பெரிதில்லை, 18 சதவீத வட்டிதான் உறைக்கும்.

13 ஆம் தேதி இரவு தூத்துக்குடிக்குப் போகும் சரக்குக்கான இ-வே பில்லை டெஸ்பாட்ச் மேற்பார்வையாளர் அண்ணனே எடுப்பார். அவருக்குத் தனியாகத் துணைப் பயனர் கணக்கு தொடங்கி, இந்த வாரம் இரண்டு பில் அவர் கையாலேயே போட வைத்தேன். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் இரண்டு நாள் செல்லுபடியாகும். வண்டி பழுதாகி நேரம் கடந்தால் பதற வேண்டாம். காலாவதியாகும் நேரத்துக்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டிக்கலாம். அதையும் அவருக்குச் செய்து காட்டியிருக்கிறேன். வண்டி எண்ணை மட்டும் ஆர்சி புத்தகத்தைப் பார்த்தே பதிவிடச் சொல்லுங்கள்.

13 முதல் 15 வரை என் எண்ணை அழைத்து, அணைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டால், எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நான் அப்பாவின் இடது பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பிரசாதம் 19 ஆம் தேதி உங்கள் மேசைக்கு வரும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூத்த கணக்காளர்

இணைப்பு: 12 ஆம் தேதி முதல் என் மின்னஞ்சலுக்கு எழுதுபவர்களுக்குத் தானாகச் செல்லும் பதில்

வணக்கம். குடும்ப நிகழ்ச்சிக்காக நவம்பர் 12 முதல் 18 வரை விடுப்பில் இருக்கிறேன். 13, 14, 15 ஆகிய நாள்களில் மின்னஞ்சலோ கைப்பேசியோ பார்க்க இயலாது. பில், பணம் செலுத்துதல் தொடர்பாக அலுவலக எண்ணில் உதவிக் கணக்காளரையும், சரக்கு அனுப்புதல் தொடர்பாக டெஸ்பாட்ச் மேற்பார்வையாளரையும் கேளுங்கள். இருவருக்கும் விவரம் தெரியும். எனக்கென்றே எழுதியதாக இருந்தால் 19 ஆம் தேதி படித்து, அன்று மாலைக்குள் பதில் எழுதுகிறேன்.