புத்தகத்தை மூடிவிட்டு எழுது: குரூப் 4 அரசியலமைப்புச் சுயதேர்வு, ஜூன் 18 வரை

தம்பி, இதுவரை நீ எழுதிய எல்லாத் தாள்களையும் திருத்தி ஒரே அட்டவணையில் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தேர்வும் 20 மதிப்பெண், 15 நிமிடம். விடைகளில் நான்கு தெரிவு கிடையாது, வெறும் தாளில் எழுத வேண்டும். யோசித்து எழுதியது சரியாக இருந்தால் 1, குத்துமதிப்பாகப் போட்டது சரியாக வந்தாலும் 0, ஏனென்றால் அது உனக்குத் தெரிந்த விடை இல்லை.

| பகுதி | முதல் | 3 நாள் கழித்து | 10 நாள் கழித்து | அடுத்தது |
|---|---|---|---|---|
| அடிப்படை உரிமைகள் | 9 | 13 | 16 | ஜூன் 26 |
| நெறிமுறைகள், கடமைகள் | 11 | 15 | 15 | ஜூன் 27 |
| அவசரநிலை | 14 | 17 | 18 | ஜூன் 28 |
| உள்ளாட்சி | 6 | 10 | 9 | ஜூன் 20 |

மொத்தம் 40லிருந்து 58க்கு வந்திருக்கிறது, சந்தோஷம்தான், ஆனால் அதைப் பார்த்து மயங்காதே. உள்ளாட்சி இரண்டாவது தடவை ஏறி மூன்றாவதில் இறங்கியிருக்கிறது, அதனால்தான் இரண்டு வாரம் காத்திருக்காமல் ஜூன் 20க்கே போட்டிருக்கிறேன். கடைசித் தாளைப் பிரித்துப் பார்த்தால் இப்படி:

| உள்ளாட்சி, ஜூன் 18 | கேட்டது | சரி |
|---|---|---|
| குழுக்கள் | 5 | 4 |
| திருத்தமும் அட்டவணையும் | 5 | 3 |
| 243 வரிசை உறுப்புகள் | 6 | 0 |
| நகராட்சிகள் | 4 | 2 |

பல்வந்த்ராய் மேத்தா 1957, அசோக் மேத்தா 1977 எல்லாம் சரியாக எழுதியிருக்கிறாய். உறுப்பு எண்களில் மட்டும் ஆறும் போச்சு. நீ 243ஐ ஒரே பிண்டமாகப் படித்திருக்கிறாய், எழுத்தோடு சேர்த்துப் படிக்கவில்லை. நாளை முழுக்க இது ஒன்றே போதும், மற்ற மூன்று பகுதிகளையும் தொடாதே.

ஜூன் 20, காலை 6 மணித் தாளின் முதல் ஆறு கேள்விகள்:

1. இடஒதுக்கீடு எந்த உறுப்பு?
2. ஐந்தாண்டுப் பதவிக்காலம் எது?
3. மாநில நிதி ஆணையம்?
4. மாநிலத் தேர்தல் ஆணையம்?
5. 73ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள்?
6. 11ஆவது, 12ஆவது அட்டவணைகளில் எத்தனை எத்தனை பொருள்கள்?

விடைகள் (எழுதி முடித்து, பேனாவை வைத்த பிறகுதான்): 243டி, 243இ, 243ஐ, 243கே, 1993 ஏப்ரல் 24, முறையே 29, 18.

தப்பானதைச் சிவப்பில் அடித்துவிட்டு அப்படியே விடாதே. பக்கத்திலேயே சரியான விடையை எழுது, அப்புறம் புத்தகத்தைத் திறந்து அந்த ஒரு பத்தியை மட்டும் படி. இந்த ஆறில் குறைந்தது ஐந்து சரியாக வந்தால் உள்ளாட்சியும் ஜூன் 30க்குத் தள்ளிப்போகும். வராவிட்டால் ஜூன் 22 காலை திரும்பவும் இதே தாள், கேள்வி வரிசையை மட்டும் மாற்றித் தருகிறேன். மதிப்பெண்ணை எனக்கு இரவே அனுப்பிவிடு, நான் ஏற்றி வைக்கிறேன்.

– அக்கா