பொது மருத்துவ உறைவிடப் பயிற்சிக்கான தன்விளக்கக் கட்டுரை

மதுரையில் எம்.பி.பி.எஸ். முடித்து, அரசு மருத்துவமனையொன்றின் காசநோய்ப் பிரிவில் பணியாற்றிவரும் நான், அமெரிக்காவில் தங்கள் துறையின் உறைவிடப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கிறேன். ரிஃபாம்பிசின் மருந்து சில சர்க்கரை மாத்திரைகளின் வீரியத்தைக் குறைப்பதால், நீரிழிவுள்ள காசநோயாளிகளுக்குச் சிகிச்சை தொடங்கியபின் ரத்தச் சர்க்கரை எவ்வாறு மாறுகிறது என்பதைப் பதிவேடுகளிலிருந்து தொகுத்து ஆராய்ந்தேன். ஒரே மையத்தின் தரவைக் கொண்ட சிறிய ஆய்வுதான். ஆயினும், விடுபட்ட அளவுகளை ஊகத்தால் நிரப்பலாகாது என்னும் ஒழுக்கத்தை அதுவே எனக்குப் பழக்கியது.

வார்டில் மாணவர்களுக்குக் கற்பிக்கையில், எக்ஸ்-ரேயைக் காட்டுமுன், நோயாளியின் இசைவுடன் முதுகில் விரலால் தட்டி, ஒலி மங்கும் எல்லையைப் பேனாவால் குறிக்கச் சொல்வேன். பிறகே படத்தோடு ஒப்பிடுவோம். (படத்தைப் பார்த்தபின் தட்டினால் எல்லோருக்கும் சரியாகவே கேட்கும்!) நீரிழிவும் தொற்றுநோயும் சேர்ந்து வருவோரைப் பற்றிய ஆய்வைத் தங்கள் துறையில் தொடரவும், இளையோருக்கு நோயாளியின் படுக்கையருகிலேயே கற்பிக்கவும் விரும்புகிறேன்.