2026–27 கல்வியாண்டு: மின்சாரம், தண்ணீர், இதர செலவுத் திட்டம்

நிர்வாகக் குழுவின் பார்வைக்கு, தக்கலை

சென்ற கூட்டத்தில், "யூனிட் குறைந்தால் ஸ்லாப்பும் இறங்குமே" என்று கேட்டார்கள். பள்ளிக் கட்டடத்து இணைப்பில் ஸ்லாப் கிடையாது. தனியார் கல்வி நிறுவனம் என்ற பிரிவில் முதல் யூனிட்டுக்கும் கடைசி யூனிட்டுக்கும் ஒரே விலைதான். கடந்த சில வருடங்களாக ஜூலையில் கட்டணம் ஏறி வருவதால் யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று கொஞ்சம் கூட்டியே போட்டிருக்கிறேன்.

| பில் காலம் | யூனிட் | ரூபாய் |
|---|---|---|
| ஜூன்–ஜூலை | 2,600 | 23,400 |
| ஆகஸ்ட்–செப்டம்பர் | 2,500 | 22,500 |
| அக்டோபர்–நவம்பர் | 2,700 | 24,300 |
| டிசம்பர்–ஜனவரி | 1,900 | 17,100 |
| பிப்ரவரி–மார்ச் | 3,300 | 29,700 |
| ஏப்ரல்–மே | 1,600 | 14,400 |
| மொத்தம் | 14,600 | 1,31,400 |

நிலைக் கட்டணம் பில்லுக்கு 4,400 வீதம் ஆறு பில்லுக்கு 26,400.

நமக்கு இரண்டு மழையும் உண்டு. ஆடிக்காற்றில் ஃபேன் தேவை குறையும். ஆனால் சாரலுக்கு ஜன்னலை அடைத்தால் பகலிலும் லைட் போட வேண்டும். ஐப்பசி மழையிலும் இதே கதைதான், அதனால்தான் அக்டோபர்–நவம்பரில் யூனிட் இறங்கவில்லை. பிப்ரவரி–மார்ச்சில் வெயிலும் சிறப்பு வகுப்பும் கம்ப்யூட்டர் அறை ஏசியும் சேர்ந்துகொள்கின்றன. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடுவதால் மோட்டாரும் அதிக நேரம் ஓடும்.

ஸ்லாப் கணக்கு காவலாளி குடியிருப்புக்குத்தான் பொருந்தும், அது வீட்டு இணைப்பு. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட் வரை 101–200க்கு 2.35, 201–400க்கு 4.70, 401–500க்கு 6.30. ஆக 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அந்த 2.35 போய்விடும், 101-லிருந்தே 400 வரை 4.70, 401–500க்கு அதே 6.30, 500-க்கு மேல் 8.40. போன கோடையில் 510 வந்து 2,124 ரூபாய் கட்டினோம். பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய்! மற்ற ஐந்து பில்லும் 400 யூனிட் அளவில் 1,175 வீதம் வரும். கோடைக்கும் அதே 2,124-ஐ வைத்து, வருடத்துக்கு 8,000 ஒதுக்கியிருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் ரீடிங் பார்த்துச் சொல்ல ஒருவரை வைத்தால் மிச்சமாகும்.

அப்புறம் ஜெனரேட்டர். மழைக்காலத்தில் ரப்பர் மரம் கம்பியில் சாய்ந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2017 ஒக்கிப் புயலை யாரும் மறந்திருக்க மாட்டோம். டீசல் 150 லிட்டர், 95 ரூபாய் வீதம் 14,250. கோடையில் தண்ணீர் லாரி 12 நடை, 14,400. இன்டர்நெட், போன் 18,000. செப்டிக் டேங்க் லாரி இரண்டு முறை 7,000.

மின்சாரம் 1,65,800, இதரம் 53,650, அவசர கையிருப்பு 10,000. ஆக 2,29,450 ரூபாய்க்கு ஒப்புதல் வேண்டும். பிப்ரவரி–மார்ச் பில்லுக்கான பணத்தை மூன்றாம் பருவக் கட்டணத்திலிருந்து தனியாக எடுத்து வைக்கவும் அனுமதி தர வேண்டும்.

— கணக்காளர்